பிஎஸ்4க்கு ஒரு பிக்சர், கேபிள் பாக்ஸுக்கு வேற பிக்சர்: டிவில எப்பிடி வெச்சா நல்லம்?

கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று பக்கம் இப்ப கனக்க வீட்டுல ஒரே டிவில ரெண்டு சாமான் ஓடுது. ஒண்டு புள்ளைகள்ட பிளேஸ்டேஷன், மற்றது கேபிள் பாக்ஸ். கேபிள் பாக்ஸ் எண்டு வாய்க்கு வந்தாலும் அது டயலொக் டிவி பாக்ஸா இரிக்கலாம், பியோ டிவி பாக்ஸா இரிக்கலாம், ஏரியா கேபிள்காரன் தந்த பாக்ஸா இரிக்கலாம், இந்தக் கதைக்கு எல்லாம் ஒண்டுதான். மகன் கேம் விளையாடுறதுக்கெண்டு கலரையும் வெளிச்சத்தையும் கூட்டி வெச்சிட்டுப் போவான், வாப்பா நியூஸ் போட்டா வாசிக்கிற ஆள்ட மூஞ்சி தக்காளி மாதிரி செவந்து கிடக்கும், அவர் குறைப்பார், மறுகா மகன் வந்து கூட்டுவான். இதுக்கு நாலு வழி இரிக்கு: எல்லாத்துக்கும் பொதுவா ஒரே செட்டிங், ஆளாளுக்கு பிக்சர் மோடை ரிமோட்டால மாத்துறது, கொன்சோல் சிக்னல் குடுத்தா டிவி தானா கேம் மோடுக்குப் போறது, இல்லாட்டி ஒவ்வொரு இன்புட்டுக்கும் டிவிக்குள்ளயே தனித்தனியா சேவ் பண்ணி வெக்கிறது. என்ட வாக்கு கடைசி வழிக்குத்தான், ஆனா எல்லா டிவிலயும் அது ஒரே மாதிரி வேலை செய்யாது, சில வீட்டுல வயர் குத்தின விதத்தாலயே அது கெட்டுப் போகும்.

முதல்ல பொதுவான ஒரே செட்டிங் ஏன் சரிவராதெண்டு பாப்பம், ஏனெண்டா கன பேர் "நடுவுல ஒரு அளவு வெச்சா ரெண்டுக்கும் போதும்தானே" எண்டு கேப்பாங்க. போதாது. கேபிள் பாக்ஸால வாற சனல்ல கனக்க எஸ்டி, அதாவது 576 கோடு உள்ள படம், அதையும் இறுக்கி அமத்தித்தான் அனுப்புறாங்க. உங்கட டிவி 4கே எண்டா அந்தப் படத்த 2160 கோட்டுக்கு இழுத்து விரிக்கணும், விரிக்கேக்க சின்னச் சின்னக் கட்டம் கட்டமா புள்ளி தெரியும், எழுத்தச் சுத்தி கொசு பறக்கிற மாதிரி ஒரு கலங்கல் இரிக்கும். இந்தப் படத்துக்கு ஷார்ப்னஸ் குறையணும், நொய்ஸ் ரிடக்ஷன் ஓன்ல இரிக்கணும். கிரிக்கெட் பாக்கிற ஆள் எண்டா மோஷன் கொஞ்சம் ஸ்மூத்தா இரிந்தாலும் விரும்புவார்.

கொன்சோல்ல இருந்து வாற படம் நேர் எதிர். அது கழுவித் துடைச்ச மாதிரி சுத்தமான படம், அதுக்கு நொய்ஸ் ரிடக்ஷன் போட்டா புல்லு, துணி, செவரு எல்லாத்துட நுணுக்கத்தையும் அழுக்கெண்டு நெனச்சு டிவி தடவி விட்டுரும். அதவிடப் பெரிய பிரச்சின நேரம். செகண்டுக்கு 60 பிரேம், அதாவது 60 படம் ஓடுற கேம்ல ஒரு பிரேம் கிட்டத்தட்ட 16.7 மில்லிசெகண்ட். மோஷன் ஸ்மூத்திங் செய்யிறதுக்கு டிவி ரெண்டு மூணு பிரேமப் பிடிச்சு வெச்சு ஒப்பிட்டுப் பாக்கணும், அப்பதான் நடுவுல புதுப் பிரேம் செய்யலாம், அந்தப் பிடிச்சு வெக்கிற நேரம் முழுக்க நீங்க அமத்தின பட்டனுக்கும் திரைல ஆள் பந்த அடிக்கிறதுக்கும் இடையில லேட்டா வந்து நிக்கும். கேம் மோடு செய்யிறதே இந்த வேலையள நிப்பாட்டுறதுதான். பாக்ஸுக்கு எது மருந்தோ அது கொன்சோலுக்கு நஞ்சு, அதனால நடு அளவு எண்டு ஒண்டு இதுல கிடையாது. நடுவுல வெச்சா ரெண்டு பேரும் சண்டை.

அடுத்தது மோடை கையால மாத்துறது. பாக்ஸ் பாக்கேக்க Standard, கேம் விளையாடேக்க Game. இதுல செலவும் இல்ல, எந்த டிவிலயும் ஏலும். ஆனா வீட்டுல எல்லாரும் அத நெனவா செய்யணும், உம்மா நாடகம் பாக்க வந்து மெனுவுக்குள்ள போய் மோடு மாத்துவாவா? மாத்த மாட்டா, "டிவி பழுதாப் போச்சு" எண்டு சொல்லுவா. அதனால தனியா ஒரு ஆள் இரிக்கிற ரூமுக்கு இது ஓகே, ஹோலுக்குச் சரிவராது.

தானா கேம் மோடுக்குப் போறதுக்கு ஏஎல்எல்எம் எண்டு பேர், எச்டிஎம்ஐ 2.1ஓட வந்த சங்கதி. கொன்சோல் "நான் கேம் ஓட்டுறன்" எண்டு ஒரு சிக்னல் குடுக்கும், டிவி கேம் மோடுக்குப் போகும், சிக்னல் நிண்டா பழைய மோடுக்குத் திரும்பி வரும். கேக்க நல்லாத்தான் இரிக்கு. பிஎஸ்5ல அப்டேட் செஞ்சிரிந்தா இது இரிக்கு, எக்ஸ்பொக்ஸ்ல அதுக்கு முந்தியே வந்திட்டு. ஆனா பிஎஸ்4ல இது இல்ல, எங்கட பக்கம் இன்னும் கூட ஓடுறது பிஎஸ்4தான், செகண்ட் ஹேண்டா வாங்கினது. சில டிவி கொன்சோல்ட பேரப் பாத்து அடையாளம் கண்டு தானா கேம் மோடுக்குப் போகும், சிலது போகாது, அத நம்பி இரிக்க ஏலாது. இன்னொண்டு, ஏஎல்எல்எம் மோடை மட்டும்தான் மாத்தும், பாக்ஸுக்கு நீங்க வெச்ச அளவுகளப் பத்தி அதுக்கு ஒண்டும் தெரியாது. அதனால இது துணைக்கு நல்லம், முழு வேலையையும் இதுட தலைல வெக்க ஏலாது.

இப்ப இன்புட்டுக்கு இன்புட் சேவ் பண்ற கதைக்கு வாறன். இதுல கன பேர் ரெண்டு விசயத்த ஒண்டாக் குழப்பிக்கிறாங்க. ஒண்டு, எந்த இன்புட்டுக்கு எந்த மோடு எண்டத டிவி நெனவு வெக்கிறது, அதாவது HDMI 1க்கு Game, HDMI 2க்கு Standard எண்டு. மற்றது, அந்த மோடுக்குள்ள இரிக்கிற அளவுகள், அதாவது வெளிச்சம், கலர், ஷார்ப்னஸ், இன்புட்டுக்கு இன்புட் வேறயா வெக்கிறது. சில டிவி முதலாவதச் செய்யும், ரெண்டாவதச் செய்யாது. அதுல ரெண்டு இன்புட்டும் Standardல இரிந்தா ஒரு பக்கம் கலரக் குறைச்சா மற்றப் பக்கமும் குறைஞ்சிரும், ஆள் "சேவ் ஆகுதில்ல" எண்டு டிவியத் திட்டுவார்.

உங்கட டிவி எந்த ஜாதி எண்டு கண்டுபிடிக்க லேசான வழி ஒண்டு இரிக்கு. ரெண்டு இன்புட்டையும் ஒரே மோடுல வையுங்க, ரெண்டையும் Standard எண்டு வெச்சாப் போதும். பாக்ஸ் இன்புட்டுல கலர அப்பிடியே 0க்கு இறக்குங்க, படம் கருப்பு வெள்ளையாகும். இப்ப கொன்சோல் இன்புட்டுக்கு மாத்துங்க. அங்க கலர் இரிந்தா டிவி தனித்தனியா வெக்குது, அங்கயும் கருப்பு வெள்ளை எண்டா பொதுவா வெக்குது. இந்த டெஸ்ட்ட ரெண்டு மோடு வேற வேறயா இரிக்கேக்க செஞ்சா ஏமாந்து போவீங்க, ஏனெண்டா மோடு வேற எண்டாலே அளவும் வேறதான். கொன்சோல் அந்த நேரம் எச்டிஆர், அதாவது வெளிச்சத்தையும் இருட்டையும் கூட வித்தியாசமாக் காட்டுற படம் அனுப்பினாலும் ஏமாந்து போவீங்க, கன டிவி எச்டிஆருக்கெண்டு இன்னொரு தனி மெமரி வெச்சிரிக்கு. அதனால கேம் ஒண்டும் ஓடாம பிஎஸ்4 ஹோம் ஸ்கிரீன்ல வெச்சுப் பாருங்க, அது சாதாரண எஸ்டிஆர்தான். பிஎஸ்5 எண்டா வீடியோ அவுட்புட்டுல HDR எண்டதுக்கு On When Supported போட்டிட்டுப் பாருங்க, Always Onல இரிந்தா ஹோம் ஸ்கிரீனும் எச்டிஆராத்தான் வரும்.

சாம்சங், எல்ஜி ரெண்டும் இதுல எதிர் எதிர்ப் பழக்கம். சாம்சங்ல Picture மெனுக்குள்ள Expert Settings போனா அடில Apply Picture Settings எண்டு ஒண்டு இரிக்கும், அதுல All Sources, Current Source எண்டு ரெண்டு. Current Sourceல இரிந்தா நீங்க மாத்துறது நீங்க இரிக்கிற இன்புட்டுக்கு மட்டும். எல்ஜில தனித்தனியா வெக்கிறதுதான் பழக்கமே, பிக்சரோட அட்வான்ஸ்ட் செட்டிங்ஸ்ல Apply to All Inputs எண்டு ஒரு பட்டன் இரிக்கும், அத அமத்தினா இந்த இன்புட்டுட அளவ எல்லா இன்புட்டுக்கும் கொப்பி அடிச்சிரும். மத்ததுல இரிந்தது அழிஞ்சு போச்சு, திருப்பி எடுக்கிற பட்டன் இல்ல. அதனால எல்ஜி வெச்சிரிக்கிற ஆள் அந்தப் பட்டன் பக்கம் போகாம இரிந்தாலே போதும், சாம்சங் வெச்சிரிக்கிற ஆள் முதல் வேலையா அத Current Sourceக்குக் கொண்டு போகணும்.

சாய்ந்தமருதுல மாமா வீட்டுல செஞ்சத சொல்றன், அதுல இந்த எல்லாம் வந்து போகுது. 50 இஞ்ச் சாம்சங் 4கே, HDMI 1ல மச்சான்ட பிஎஸ்4 ஸ்லிம், HDMI 2ல பாக்ஸ். மாமாட முறைப்பாடு மூஞ்சி செவப்பு, மச்சான்ட முறைப்பாடு கேம் இருட்டு. போய்ப் பாத்தா Apply Picture Settings All Sourcesல கிடக்கு. அதோட கேமும் Game மோடுல இல்ல, ரெண்டும் Standard. அதாவது ஒரே டப்பாக்குள்ள ரெண்டு பேரும் கை போட்டுக்கிட்டு இரிந்திரிக்காங்க.

முதல்ல Current Source போட்டம். இத முதல்ல செய்யாம அளவ வெச்சா அந்த வேலையெல்லாம் வீண், அடுத்த ஆள் தொடேக்க அழிஞ்சிரும். மறுகா HDMI 2க்குப் போய், ஒரு எஸ்டி சனலும் ஒரு எச்டி சனலும் மாத்தி மாத்திப் பாத்துக்கொண்டு வெச்சம். மோடு Standard, பகல்ல வாசக் கதவு தொறந்து கிடக்கிற ஹோல், வெளிச்சம் நல்லா வரும், அதனால Brightness 50க்கு 40. கலர் 25, கலர் டோன் Warm1. இந்த கலர் டோன்தான் மாமாட பிரச்சினைட பாதி, முதல்ல அது Coolல இரிந்திச்சு, வெள்ளை நீலமா அடிக்கேக்க அத ஈடுகட்ட மச்சான் கலரக் கூட்டி வெச்சிரிக்கான், மூஞ்சி செவந்தது அதாலதான். ஷார்ப்னஸ் 20ல 10 இரிந்தத 4க்கு இறக்கினம், எஸ்டி சனல்ல அடில ஓடுற எழுத்தச் சுத்தி இரிந்த வெள்ளைக் கோடு போயிட்டு. Picture Clarityல நொய்ஸ் ரிடக்ஷன் ஓன்.

மாமா உடனே "மங்கிப் போச்சு" எண்டார். சொல்லத்தான் செய்வார், கனகாலம் நீலத்தப் பாத்த கண்ணுக்கு Warm மஞ்சளாத் தெரியும். ரெண்டு நாள் விட்டுப் பாருங்க மாமா எண்டு சொல்லிட்டு அத அப்பிடியே விட்டம்.

HDMI 1ல Game மோடு. சாம்சங்ல Game மோடு போட்டா சில மெனு சாம்பல் நிறமாகிப் போகும், அமத்த ஏலாது, அது பழுதில்ல, நிப்பாட்டின வேலையளத்தான் அது காட்டுது. Brightness 45, ஷார்ப்னஸ் 0, கலர் டோன் Standard. மச்சான்ட இருட்டுப் பிரச்சின அதோட முழுசாத் தீரேல்ல, குகைக்குள்ள போற கேம்ல கருப்பெல்லாம் ஒண்டா அப்பி நிண்டிச்சு, நிழல்ல நிக்கிற ஆள் தெரியல்ல. இது வெளிச்சம் கூட்டித் தீர்க்கிற சாமானில்ல. பிஎஸ்4ல வீடியோ அவுட்புட் செட்டிங்ஸ்ல RGB Range எண்டு ஒண்டு இரிக்கு, அவன் எங்கயோ வீடியோல பாத்து Full போட்டிரிக்கான், டிவில HDMI Black Level வேற அளவுல நிண்டிச்சு. கொன்சோல் கருப்புக்கு 0, வெள்ளைக்கு 255 எண்டு அனுப்புது, டிவி 16ல இருந்து 235 எண்டு நெனச்சு எடுக்குது, அப்ப 16க்குக் கீழ இரிக்கிறதெல்லாம் ஒரே கருப்பு. ரெண்டையும் Automatic, Auto எண்டு விட்டம், சரி. எதிர்ப் பக்கமா பிழைச்சா கருப்பு சாம்பலாத் தெரியும், புகை மூடின மாதிரி. கருப்பு அப்பினாலோ சாம்பலானாலோ முதல்ல இங்க பாருங்க, மறுகாதான் Brightness. பாக்ஸ் பக்கம் இந்தத் தொல்லை வாறது குறைவு, அது சாதாரணமா 16-235 கணக்குலதான் அனுப்பும்.

மறுகா ஒரு எச்டிஆர் கேமப் போட்டு அதுக்கும் அளவு வெச்சம், ஏனெண்டா அது வேற மெமரி எண்டு சொன்னன்தானே. HDMI 1ல Game மோடுக்கு எஸ்டிஆர் அளவு ஒண்டு, எச்டிஆர் அளவு ஒண்டு. இதத் தெரியாட்டி "நேத்து வெச்சது இண்டைக்கு மாறிப் போச்சு" எண்டு தோணும், மாறல்ல, வேற கேம் வேற கணக்குல ஓடுது.

இந்த வழிக்கு இரிக்கிற எல்லையையும் சொல்லணும். டிவி நெனவு வெக்கிறது பெரும்பாலும் வயர் குத்துற ஓட்டையத்தான், சாமான இல்ல. வீடு கூட்டேக்க வயரக் கழட்டி மாத்திக் குத்தினா பாக்ஸுக்கு கேம் மோடு வந்து சேரும், எஸ்டி சனலெல்லாம் கட்டம் கட்டமாத் தெரியும். இன்னொரு பக்கமும் அடி விழும், சாம்சங்ல Input Signal Plus, எல்ஜில Deep Colour எண்டு சொல்றது ஓட்டைக்கு ஓட்டை தனியா ஓன் பண்றது, ஓன் பண்ணாத ஓட்டைல கொன்சோலக் குத்தினா எச்டிஆரே வராமப் போகலாம். வயர் நுனில ஒரு டேப்ப ஒட்டி 1, 2 எண்டு எழுதிவிட்டா முடிஞ்சு.

எச்டிஎம்ஐ சுவிட்ச்தான் இதுல பெரிய வில்லன். டிவில ரெண்டு ஓட்டை, சாமான் மூணு நாலு எண்டு சுவிட்ச் வாங்கி எல்லாத்தையும் அதுல குத்திட்டு ஒரே வயரா டிவிக்குக் கொண்டு போவாங்க. டிவிக்கு அது ஒரே இன்புட், பாக்ஸ் வந்தாலும் கொன்சோல் வந்தாலும் ஒரே அளவு. சவுண்ட்பாருக்குள்ளால எல்லாம் போறதும் இதே கதை. சுவிட்ச் கட்டாயம் வேணுமெண்டா ஒரே மாதிரி அளவு தேவையான சாமான்கள அதுல சேருங்க, பாக்ஸும் டிவிடி பிளேயரும் ஒரு சுவிட்ச்ல, கொன்சோல் நேரா டிவில. அப்ப மலிவு சுவிட்ச் 4கே எச்டிஆர் தாங்காட்டியும் கவலை இல்ல, பாக்ஸுக்கு அது தேவைப்படாது. பாக்ஸ்ல மஞ்சள் செவப்பு வெள்ளை வயர் இரிந்து, நீங்க பாக்கிறதும் எஸ்டி சனல் மட்டும் எண்டா, அத ஏவில குத்தினாலும் டிவி தனி இன்புட்டா எடுத்துக்கும். எச்டி சனல் கட்டியிரிந்தா அதச் செய்யாதீங்க, ஏவில அந்த எச்டி வராது.

விலை குறைஞ்ச ஆண்ட்ராய்ட் டிவி கனக்கத்துல இன்புட்டுக்குத் தனி மெமரியே இல்ல, User எண்ட மோடுல மட்டும்தான் அளவ மாத்த விடும், Standardல கைய வெச்சா தானா Userக்குத் தாவிரும். அப்பிடி டிவி எண்டா அந்த ஒரே ஒரு Userஅ பாக்ஸுக்குக் குடுங்க, கொன்சோல அதுல இரிக்கிற Game மோடுல அப்பிடியே விடுங்க. எல்லாரும் மாறிச் செய்றாங்க, ஆசையா கேமுக்கு அளவு வெக்கிறாங்க, ஆனா திருத்த வேணும் எண்டு கத்துறது பாக்ஸ் படம்தான். மோடு மாத்துற வேலை அப்பவும் கையால, அது விளையாடுற ஆள்ட தலைல, வாப்பாட தலைல இல்ல.

எல்லாம் சரியா வெச்சும் அளவு தானா மாறுதெண்டா ரெண்டு இடம் பாருங்க. ஒண்டு, மின்சாரம் மிச்சம் பிடிக்கிற செட்டிங், சாம்சங்ல Brightness Optimization, எல்ஜில Energy Saving. அது ரூம் வெளிச்சத்தப் பாத்து திரையக் கூட்டும் குறைக்கும், ராவைக்கு மங்குதெண்டா அதுதான் காரணம், நீங்க வெச்ச அளவு அப்பிடியே இரிக்கு. மற்றது, கடைல காட்சிக்கு வெச்சிரிந்த டிவிய விலை குறைச்சு வாங்கின ஆக்களுக்கு வாறது. Usage Mode Retail Modeல கிடந்தா நீங்க என்னத்த வெச்சாலும் கொஞ்ச நேரத்துல பளபளப்பு அளவுக்கே திரும்பி வந்திரும், அத Home Modeக்கு மாத்தணும். கரண்ட் போனதால அழிஞ்சிட்டெண்டு ஆக்கள் சொல்றது சரியில்ல, இந்த அளவுகள் கரண்ட் இல்லாமலே நிக்கிற மெமரில இரிக்கு. அழியிறது ரீசெட் அடிச்சா, இல்லாட்டி ரிப்பேர்ல போர்ட் மாத்தினா. அதனால ரெண்டு இன்புட்டுட மெனுவையும் போன்ல போட்டோ புடிச்சு வீட்டு வட்ஸப் குரூப்ல போட்டு வையுங்க, எச்டிஆர் மெனுவோட மூணு போட்டோ வரும்.